குறிப்பு எண் 2417: செட்டிநாட்டுப் பாரம்பரிய விடுதி, ஹவுஸ்கீப்பிங் மற்றும் பராமரிப்பு மேலாளர் பணிக்கு விண்ணப்பம்

தேவகோட்டை
ஜூலை 4

பெறுநர்: பணியமர்த்தல் ஆலோசகர், மதுரை அலுவலகம்
அனுப்புநர்: ரா. சிவகாமி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நேற்று போனில் பேசிய சிவகாமி எழுதுகிறேன். விளம்பரத்தில் விடுதியின் பெயர் இல்லை. கேட்டதற்கு, கிளையன்ட் பெயரை இப்போது சொல்ல முடியாது என்றீர்கள். உங்கள் நிலைமை புரிகிறது. அதனால் கடிதத்தை இரண்டாக எழுதியிருக்கிறேன். இது உங்களுக்கு மட்டும். இதற்குக் கீழே உள்ளது அவர்களுக்கு. அதை அப்படியே அனுப்பலாம். அதில் என் பெயரும் போன் நம்பரும் இல்லை, நான் இப்போது வேலை பார்க்கும் விடுதியின் பெயரும் இல்லை. மறந்துபோய் விட்டதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் இல்லை. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒரே கோயில் என்றால் பங்காளி, வேறு கோயில் என்றால் கொண்டு கொடுத்த வகையில் உறவு. மதியம் கானாடுகாத்தானில் ஒருவர் மேசைக்கு என் பயோடேட்டா போனால், சாயங்காலத்துக்குள் எங்கள் முதலாளி காதுக்கு வந்துவிடும். சென்னையில் வேலை தேடுகிறவருக்கு இந்தக் கவலை இருக்காது. இங்கே அவர்கள் பெயரை நீங்கள் மறைப்பது எவ்வளவு அவசியமோ, என் பெயரை மறைப்பதும் அவ்வளவு அவசியம்.

இதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. உங்கள் கிளையன்ட் எங்கள் நிர்வாகமாகவே இருக்கலாம். அவர்களும் இன்னொரு வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். பயோடேட்டாவில் இப்போதைய நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, தயவுசெய்து அதை முதலில் பாருங்கள். கிளையன்ட் அவர்களாகவோ அதே குடும்பத்தாராகவோ இருந்தால் எதையும் அனுப்ப வேண்டாம். "பொருந்தவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் காரணம் கேட்க மாட்டேன், நீங்களும் யார் பெயரையும் சொல்ல வேண்டியிருக்காது.

வேறு இடமாக இருந்தால் கீழே உள்ள கடிதத்தைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பெயரோடு உள்ள பயோடேட்டாவை அனுப்புவதற்கு முன் ஒருமுறை போன் செய்து விடுதியின் பெயரைச் சொல்லுங்கள். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன், நேராக அங்கே போய்க் கதவைத் தட்டவும் மாட்டேன். இதே வேலை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், வேறொரு ஏஜென்சி பேரிலும் வந்திருக்கிறது. அங்கே நான் விண்ணப்பிக்கவில்லை. ஒரே ஆளை இரண்டு ஏஜென்சி அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்ற தகராறில் விண்ணப்பமே ஒதுக்கப்படும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு என்னை அனுப்பும் அனுமதி உங்களுக்கு மட்டும்தான். வேறு வேலைக்கு அனுப்புவதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

சம்பள விவரம் அவர்கள் கடிதத்தில் இல்லை, உங்களுக்குச் சொல்கிறேன். இப்போது மாதம் 28,000 கைக்கு வருகிறது. எதிர்பார்ப்பது 38,000. சாப்பாடும் இரவு டியூட்டி நாட்களில் வண்டியும் தருவார்கள் என்றால் 35,000க்கு இறங்கி வருவேன். நோட்டீஸ் ஒரு மாதம். விளம்பரத்தில் "காரைக்குடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்" என்று மட்டும் இருக்கிறது. அது தேவகோட்டைப் பக்கமா, திருமயம் பக்கமா என்பதைப் பொறுத்து என் கணக்கு மாறும். திசையை மட்டுமாவது சொல்ல முடியுமா? அதனால் விடுதியின் பெயர் வெளியே வந்துவிடாது.

நியமன ஆர்டர் விடுதியின் பெயரில் வருமா, உங்கள் ஏஜென்சியின் ஒப்பந்த ஊழியராக வருமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. பி.எஃப். யார் கட்டுவார்கள், ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நேர்காணலுக்கு வருவேன். என் யு.ஏ.என். எண் ஆதாருடன் இணைந்திருக்கிறது, அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. பதிவுக் கட்டணம் என்று நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நல்லது. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

என்னைப் பற்றி விசாரிக்க, நான் முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களின் மேலாளர்கள் பெயர் பயோடேட்டாவில் இருக்கிறது, இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைய இடத்தில் மட்டும், ஆர்டர் என் கைக்கு வரும்வரை யாரும் விசாரிக்கக் கூடாது. பகலில் என்னால் போன் எடுக்க முடியாது. மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரா. சிவகாமி

இணைப்பு: ஆங்கிலத்தில் பயோடேட்டா (தங்கள் அலுவலகப் பார்வைக்கு மட்டும்)

* * *

கிளையன்ட் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம்
குறிப்பு எண் 2417

விடுதி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். தங்கள் விடுதியின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த வட்டாரத்தில் இருப்பவள் என்பதால் ஊகித்துப் பார்க்கலாம். ஆனால் தவறான வீட்டைப் புகழ்ந்து எழுதிவிடுவேனோ என்று அந்த வேலைக்கே போகவில்லை. விளம்பரம் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன்: பழைய வீடு, பழுது பார்க்கும் வேலை நடக்கிறது, 20 அறைகளுக்கு மேல், தீபாவளிக்கு முன் திறக்க வேண்டும், "செட்டிநாட்டுக் கட்டுமானம் தெரிந்தவர்" தேவை. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கிறேன்.

என் அப்பா கொத்தனார். சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசுகிற வேலையைச் சிறு வயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பிறகு ஹோட்டல் துறையில் டிப்ளமோ படித்து, மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைப் பராமரிப்பில் தொடங்கி, கடந்த 6 ஆண்டுகளாக இந்தப் பகுதியின் பாரம்பரிய விடுதி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே 11 பேர்.

தங்கள் வீட்டின் தளம் ஆத்தங்குடிக் கல்லா, இத்தாலி மார்பிளா என்று தெரியாது. முகப்பில் ஒன்றும் இரண்டாம் கட்டில் மற்றதுமாக இரண்டுமே இருக்கலாம். எதுவானாலும் முதல் நாளே நான் செய்வது ஒன்றுதான்: ஸ்டோர் ரூமில் ஆசிட் கலந்த கிளீனர் இருந்தால் வெளியே எடுத்துவிடுவேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்டால் மேல்வண்ணம் அரித்துப்போகும், பிறகு எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். மார்பிளுக்குப் புளியே ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மார்பிள் மேலேயே வைத்துத் தேய்ப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், தேய்த்த இடம் வட்ட வட்டமாக மங்கிக் கிடக்கும். எங்களிடம் பித்தளை சாமான் எல்லாம் கிணற்றடிக்குத்தான் போகும்.

சுவரில் ஈரம் தெரிந்தால் பெயிண்டரைக் கூப்பிட மாட்டேன். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடுகிற பூச்சு. அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த மழைக்குள் பூச்சு பாளம் பாளமாக உரியும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓடு நகர்ந்திருக்கலாம், முற்றத்து நீர் போகும் வழி அடைத்திருக்கலாம், அடிச்சுவரில் மண் ஏறியிருக்கலாம். ஓடு மாற்றும் வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும், ஐப்பசி அடைமழையில் கூரைக்கு ஆள் ஏற முடியாது. தீபாவளிக்கு முன் திறப்பு என்றால் மழையும் விருந்தினரும் ஒன்றாகத்தான் வருவார்கள். எனவே தேர்ந்தெடுக்கப்பட்டால், சேரும் தேதிக்கு முன்பே என் விடுமுறை நாளில் ஒருமுறை வந்து கூரையையும் நீர்ப்போக்கையும் பார்த்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.

பர்மா தேக்குக் கதவுகளுக்குக் கரையானைவிடப் பெரிய தொல்லை, ஈரத் துண்டு. வெளிநாட்டு விருந்தினர் குளித்துவிட்டு வந்து, சித்திர வேலைப்பாடுள்ள கதவில்தான் துண்டைக் காயப் போடுவார்கள். தடுத்துச் சொன்னால் மனம் கோணும். அறைக்கு ஒரு துண்டு ஸ்டாண்டு வாங்கி வைத்தோம், பிரச்சினை தீர்ந்தது.

துணிமணிகளுக்கு அறைக்கு மூன்று செட் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் வெள்ளை விரிப்பு சில மாதங்களிலேயே பழுப்பேறும். சலவை வெளியேயா உள்ளேயா என்பதை முடிவு செய்யும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுவது சிக்கனம்.

ஆட்கள் விஷயம்தான் கடினம். அறை நிரம்பி வழிகிற மார்கழி, தை மாதங்களில்தான் வேலைக்கு வரும் பெண்களுக்குப் பொங்கலும் வீட்டுக் கல்யாணங்களும். லீவு கிடையாது என்றால் நின்றுவிடுவார்கள். கார்த்திகையிலேயே உட்கார்ந்து முறை போட்டு, யாருக்கு எந்த நாள் என்று எழுதி ஒட்டிவிடுவேன். கடந்த சீசனில் ஒருவர்கூடச் சொல்லாமல் நிற்கவில்லை.

வீட்டுக்காரக் குடும்பத்தாரும் விசேஷங்களுக்கு வந்து தங்குகிற வீடாக இருக்குமோ என்னவோ. அப்படியானால், சாமி அறை, படைப்பு வைக்கும் இடம் எது, அங்கே விருந்தினரும் வேலையாட்களும் எந்த அளவுக்குப் போகலாம் என்பதைத் தாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். அதில் நானாக எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஆங்கிலம் பேசுவேன். பிரெஞ்சு விருந்தினருக்கு அறையைக் காட்டி, காலை உணவு நேரம் சொல்லும் அளவுக்குப் பிரெஞ்சு தெரியும், அதற்கு மேல் தெரியாது. கணினியில் சரக்கு இருப்பும் பணி முறைப் பட்டியலும் போடுவேன். இப்போது இருக்கும் இடத்தில் மனக்கசப்பு எதுவும் இல்லை. எனக்கு மேலே உள்ள பதவியில் இருப்பவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் நான் மேலே போக வழியில்லை, அவ்வளவுதான்.

என் பெயரும் பழைய மேலாளர்களின் விவரமும் ஏஜென்சியிடம் இருக்கின்றன. நேர்காணலுக்கு அழைக்க விரும்பினால் அவர்கள் வழியாகச் சொல்லுங்கள். என் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று எந்த நேரமானாலும் வருவேன், மற்ற நாட்களில் என்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர், குறிப்பு எண் 2417