‘இறந்தார்’ என்னும் பொருளில் பன்னிரண்டு சொற்கள்: வழக்குநிலை வரிசையும் காரணங்களும்

மெய்ப்புத் திருத்தும் பயிற்சியில் இருக்கும் ஆறு பேருக்கும் சென்ற வாரம் கொடுத்த பட்டியல் இது: காலமானார், செத்தான், துஞ்சினார், மண்டையைப் போட்டான், உயிரிழந்தார், தவறிட்டார், விளிந்தார், மரித்தார், இறந்தார், டிக்கெட் வாங்கிட்டான், இயற்கை எய்தினார், மறைந்தார். இலக்கிய வழக்கில் தொடங்கிக் கொச்சையில் முடியுமாறு இவற்றை அடுக்கக் கேட்டிருந்தேன். சொல் எவ்வளவு பழையதோ அவ்வளவு உயர்ந்தது என்ற எண்ணம் பெரும்பாலான தாள்களில் தெரிந்ததால், என் வரிசையைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலிடம் ‘விளிந்தார்’ என்பதற்கு. குறளில் வரும் இச்சொல் இன்று உரையின் துணையின்றிப் புரியாது. ‘விளி’ என்றதும் அழைத்தலே நம் நினைவுக்கு வருகிறது. அடுத்தது ‘துஞ்சினார்’. உறங்குதலைக் குறிக்கும் இச்சொல்லால் இறப்பைச் சொல்வதை இலக்கண நூலார் மங்கலம் என்பர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என இறந்த இடத்தோடு சேர்த்து அரசனைக் குறிக்கும் மரபை அறிந்தவர்களுக்கு இது இன்னும் உயிருள்ள சொல் என்பதால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன். முதலாவதாக வைத்த இருவருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

மூன்றாவது ‘இயற்கை எய்தினார்’. இதைப் பலர் வெறும் அலங்காரம் என்று எழுதியிருந்தீர்கள். ‘சிவலோகப் பதவி அடைந்தார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று அஞ்சலிச் சுவரொட்டிகள் சொல்லும் இடத்தில், மறுமையைப் பற்றி ஏதும் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் இத்தொடரை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கதையில் ஒரு பகுத்தறிவாளரின் மரணத்திற்குப் பொருந்தும் இத்தொடர், கோயில் குருக்களின் மரணத்தைச் சொல்லும்போது உறுத்தும்.

அதன்பின் ‘காலமானார்’, ‘மறைந்தார்’, ‘உயிரிழந்தார்’ என்ற மூன்றும் நாளிதழ் நடையைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. முதுமையாலோ நோயாலோ இறந்தவர் காலமாவார். பலரும் அறிந்த ஒருவர் மறைவார். லாரி மோதிய இளைஞர் உயிரிழப்பார். ‘சம்பவ இடத்திலேயே காலமானார்’ என்று எந்தச் செய்தியாளரும் எழுதமாட்டார். சிகிச்சை பலனின்றி உயிரிழந்ததாகச் செய்தியில் வந்தவரைப் பற்றி அவர் வீட்டில் யாரும் ‘அப்பா உயிரிழந்துட்டார்’ என்று பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஏழாவது ‘இறந்தார்’. வரிசையின் நடுப்புள்ளி இதுதான். மருத்துவ அறிக்கையிலும் சிறுகதையிலும் தன் மேல் கவனத்தை இழுக்காமல் நிற்கும். எட்டாவது ‘தவறிட்டார்’. இது பேச்சுவழக்கு, ஆனால் மரியாதையான பேச்சு. இதைக் கொச்சையோடு சேர்த்தவர்கள் பேச்சையும் கொச்சையையும் குழப்பிக்கொண்டவர்கள். உரையாடலில் இச்சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். எழுத்துநடைக்கு மாற்றி ‘தவறிவிட்டார்’ என்றால், ஏதோ பிழை செய்துவிட்டார் என்று ஒரு கணம் தோன்றும்.

ஒன்பதாவதான ‘செத்தான்’ பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்ற குறளில் இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே துஞ்சினார் உறங்குகிறவர். இறந்தவரைச் சொல்லும் பொறுப்பு ‘செத்தார்’ என்பதற்கே. அன்று இலக்கியத்தில் கூசாமல் நின்ற சொல், இன்று மாட்டுக்கும் நாய்க்கும் இயல்பாகவும் மனிதருக்கு அவமதிப்பாகவும் ஒலிக்கிறது. ‘செத்தார்’ என மரியாதை விகுதி சேர்த்தாலும் அது மேலேறுவதில்லை. மகனை இழந்த தாய் ‘என் புள்ள செத்துட்டானே’ என்று அலறும்போது அதில் இழிவு இல்லை. ‘சிரிச்சே செத்துட்டேன்’ என்பதிலும் இல்லை. இவ்விரண்டையும் நாகரிகம் கருதி மாற்றியிருந்த தாள் எனக்கு வருத்தம் தந்தது.

‘மண்டையைப் போட்டான்’ பத்தாவது, ‘டிக்கெட் வாங்கிட்டான்’ பதினொன்றாவது. முன்னதில் எரிச்சலோ அலட்சியமோ இருக்கிறது. அதை ஊர்ப்புறத்துப் பெரியவர்களும் சொல்வார்கள். பின்னது சாவைக் கேலியாக்கும் நகரத்துப் பேச்சு. ஒருவர் இவ்விரண்டையும் குழூஉக்குறி என்று எழுதியிருந்தார். தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்வது குழூஉக்குறி. இவையோ தெருவில் எல்லோருக்கும் புரிபவை.

‘மரித்தார்’ என்பதை நான் வரிசைக்குள் வைக்கவில்லை. பொது உரைநடையில் அது பழைய ஏட்டு நடையாக ஒலித்தாலும், தமிழ் விவிலியம் படித்து வளர்ந்தவருக்கு அது வழிபாட்டில் அன்றாடம் கேட்கும் சொல். ஒரே சொல்லுக்குக் கேட்பவரைப் பொறுத்து இரண்டு படிகள் இருப்பதால், அதைப் பக்கத்தில் தனியே எழுதி, பேசும் பாத்திரம் யார் என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

அடுத்த பட்டியல் உண்ணுதல் பற்றியது: அயின்றான், அமுது செய்தார், உண்டான், சாப்பிட்டான், தின்றான், மொக்கினான், ஒரு கட்டு கட்டினான். விடைகள் வியாழக்கிழமைக்குள் என் மேசைக்கு வரட்டும்.