ஈட்டுறுதிப் பத்திரமும் உடன்பிறந்தோரின் ஆட்சேபணையின்மைக் கடிதங்களும்

ஈட்டுறுதிப் பத்திரம்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி, மேதகு தமிழ்நாடு ஆளுநர் அவர்கள் பேரில், மன்னார்குடி சார்நிலைக் கருவூல உதவிக் கருவூல அலுவலர் அவர்களுக்கு, மன்னார்குடி வடக்குத் தெருவில் வசிக்கும் முருகேசன் மனைவி, சுமார் 44 வயதுள்ள கலைச்செல்வி எழுதிக்கொடுத்த ஈட்டுறுதிப் பத்திரம் என்னவென்றால்:

என் தாயார் திருமதி சரோஜா அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, தங்கள் கருவூலம் வழியாக ஓய்வூதியம் பெற்றுவந்தார். 23.02.2025 அன்று காலமானார். ஓய்வூதியத்துக்கு அவர் வாரிசாக நியமித்திருந்தவர் என் தந்தையார் மணிவண்ணன் ஒருவரே. அவர் 2019-இல் இறந்துவிட்டார். அதன் பிறகு நியமனம் மாற்றி எழுதப்படவில்லை. ஆகவே தாயாருக்குச் சேரவேண்டிய தொகை சட்டப்பூர்வ வாரிசுகளுக்கே உரியதாகிறது. மன்னார்குடி வட்டாட்சியர் 21.04.2025 அன்று வழங்கிய வாரிசுச் சான்றிதழின்படி என் அண்ணன் செந்தில்குமார், அக்காள் தமிழரசி, நான் ஆகிய மூவரே வாரிசுகள். வேறு எவரும் இல்லை.

வரவேண்டிய தொகை: மாதம் ரூ.31,500 ஓய்வூதியத்தில் பிப்ரவரி 1 முதல் 23 வரையுள்ள நாட்களுக்கு ரூ.25,875, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி ரூ.50,000, ஆக மொத்தம் ரூ.75,875 (ரூபாய் எழுபத்தைந்தாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து மட்டும்). இத்தொகை முழுவதையும் என் சேமிப்புக் கணக்கில் வரவுவைக்க மற்ற இரு வாரிசுகளும் சம்மதித்து எழுதிய கடிதங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இத்தொகையை நான் பெற்றுக்கொண்ட பின், வேறு எவராவது வாரிசு என்றோ, கடன்காரர் என்றோ உரிமை கோரி வந்தால், அந்தக் கோரிக்கையாலும் அதையொட்டிய வழக்காலும் அரசுக்கு நேரும் இழப்பையும் செலவையும் நானே ஈடுசெய்வேன். நான் பெற்றது என் பங்குக்கு மேற்பட்டது என்று முடிவானால், எழுத்து மூலம் கேட்ட 30 நாட்களுக்குள் அந்த அதிகத் தொகையைத் திருப்பிச் செலுத்துவேன். தவறினால் என் அசையும், அசையாச் சொத்துக்களிலிருந்து வசூலித்துக்கொள்ளலாம். எனக்குப் பின் என் வாரிசுகளையும் இப்பத்திரம் கட்டுப்படுத்தும்.

கீழே கையொப்பமிட்டுள்ள பிணையாளர்கள் இருவரும் மேற்கண்ட பொறுப்பை என்னுடன் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஏற்கிறார்கள். இப்பத்திரத்தைப் படித்துப் பார்த்து, என் மனதார, எவர் வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மு. கலைச்செல்வி
பிணையாளர்கள்: (ஒப்பம்) கோ. வைத்தியநாதன், ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி, (ஒப்பம்) இரா. அன்பழகன், விவசாயி, மன்னார்குடி
சாட்சிகள்: (ஒப்பம்) சு. பாலமுருகன், (ஒப்பம்) த. மீனாட்சி

இணைப்பு 1

திருப்பூர்,
09.06.2025

உதவிக் கருவூல அலுவலர் அவர்களுக்கு,

ஐயா,

காலஞ்சென்ற திருமதி சரோஜா அவர்களின் மகன் நான். எங்கள் தாயாருக்குச் சேரவேண்டிய ரூ.75,875 முழுவதையும் என் தங்கை கலைச்செல்விக்கு வழங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இத்தொகையில் எனக்குள்ள பங்கை இப்போதோ பின்னரோ கோரமாட்டேன்.

தாயார் கடைசி இரண்டு மாதங்கள் படுக்கையில் இருந்தபோது என்னால் மாதம் இருமுறைதான் வந்துபோக முடிந்தது. இரவும் பகலும் பார்த்துக்கொண்டவள் தங்கைதான். மருத்துவச் செலவுக்கு அவள் தன் கைவளையல்கள் நான்கையும் அடகு வைத்தாள். அந்த அடகுச் சீட்டை நான் கண்ணால் பார்த்தேன். இந்தப் பணம் முதலில் அந்த வளையல்களை மீட்கட்டும் என்பதே என் விருப்பம்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ம. செந்தில்குமார்

இணைப்பு 2

சென்னை,
11.06.2025

உதவிக் கருவூல அலுவலர் அவர்களுக்கு,

ஐயா,

திருமதி சரோஜா அவர்களின் மூத்த மகளும் இளங்கோவனின் மனைவியுமான தமிழரசி எழுதிக்கொள்வது. தங்கள் கருவூலத்திலிருந்து வரவேண்டிய ஓய்வூதிய நிலுவை ரூ.25,875, குடும்பப் பாதுகாப்பு நிதி ரூ.50,000 ஆகிய இரண்டையும் என் தங்கை கலைச்செல்வியிடம் கொடுத்துவிட முழுமனதுடன் சம்மதிக்கிறேன். இவற்றில் என் பங்கை அவளுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். இச்சம்மதம் மேற்சொன்ன இரு தொகைகளுக்கு மட்டுமே. வடக்குத் தெருவில் தாயார் பெயரில் உள்ள வீட்டிலோ, வேறு எந்தச் சொத்திலோ எனக்குள்ள உரிமையை இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கையின் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன், அவளும் சரி என்றாள். நாளை எங்கள் பிள்ளைகள் காலத்தில் இக்கடிதத்தைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

என் ஆதார் அட்டை நகலில் நானே கையொப்பமிட்டு இணைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) இ. தமிழரசி