ஏழாம் ஸ்லைடு: காங்கிரீட்டுக்குள் கம்பி ஏன்?

முதலாமாண்டு சிவில் மாணவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இந்த ஸ்லைடைக் காட்டிவிட்டு, மணி அடித்ததால் அவசரமாகத் தாண்டிப் போய்விட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

- காங்கிரீட்: அமுக்கம் சரி, இழுவிசை மோசம்
- கம்பி → இழுவிசைப் பக்கம்
- பிணைப்பு
- வெப்ப விரிவு ≈ சமம்
- பி.எச். 12–13 → துரு இல்லை
- கவர்: தளம் 20, தூண் 40, ஃபுட்டிங் 50

பலரும் இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். ஆறு வரியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வு வரைக்கும்கூட நிற்காது. ஒரு வரி எழுப்பும் கேள்விக்கு அடுத்த வரி பதில் சொல்கிறது. அந்த வரிசையிலேயே போவோம்.

ஒரு முழுச் சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் நிற்க வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். தாங்கும். அதையே இரண்டு நோட்டுகளுக்கு நடுவே பாலம் மாதிரி படுக்க வைத்து நடுவில் அழுத்தினால் பட்டென்று உடையும். வளையும்போது மேற்பக்கம் சுருங்கப் பார்க்கிறது, கீழ்ப்பக்கம் நீளப் பார்க்கிறது. சுருங்குவது அமுக்கம், நீள்வது இழுவிசை. சாக்பீஸுக்கு அமுக்கம் பொருட்டல்ல, இழுவிசைதான் ஆகாது. அதனால் விரிசல் அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது.

காங்கிரீட்டும் இந்தச் சாதிதான். எம்25 காங்கிரீட் என்றால், 28 நாள் ஆன கனசதுரம் ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்க வேண்டும். அதே காங்கிரீட் வளையும்போது அடிப்பக்கம் தாங்கும் இழுவிசை, ஐ.எஸ். 456 விதிநூலின் சூத்திரப்படி, சுமார் 3.5 நியூட்டன். நேராகப் பிடித்து இழுத்தால் அதைவிடவும் குறைவு.

ஆகவே இழுபடும் இடத்தில் வேறொரு பொருள் வேண்டும். 500 என்ற தரக் கம்பி ஒரு சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் வரை இழுவிசை தாங்கிய பிறகுதான் நிரந்தரமாக நீளத் தொடங்கும். இரண்டாம் வரியில் "இழுவிசைப் பக்கம்" என்று போட்டிருக்கிறேன். "அடிப்பக்கம்" என்று ஏன் போடவில்லை? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே கிடக்கும் தளத்தில் நடுப்பகுதியின் அடி இழுபடுகிறது, எனவே கம்பி அடியில். ஆனால் ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். பாரம் ஏறினால் நுனி தாழும், மேற்பக்கம் இழுபடும். அங்கே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். காங்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அந்த மேல்கம்பிமேல் ஏறி நடந்து அதை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், கம்பியின் எடையும் எண்ணிக்கையும் கணக்குப்படி சரியாகவே இருக்கும், சன்ஷேடு மட்டும் நிற்காது. "கம்பி எங்கே போட வேண்டும்?" என்று யாராவது கேட்டால், "இது எந்தப் பக்கம் வளையும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், ஸ்லைடில் இடமில்லாமல் விட்டது. கம்பி இருந்தால் காங்கிரீட் விரியாது என்று நினைக்கிறீர்களா? விரியும். அடிப்பக்கக் காங்கிரீட் 3.5 நியூட்டனை எட்டி விரிசல் விடும் தருணத்தில், அதோடு சேர்ந்து அதே அளவு நீண்டிருக்கும் கம்பியில் ஏறியிருப்பது ஏறக்குறைய 28 நியூட்டன்தான். அதன் 500-ல் இது ஒரு மூலை. மயிரிழை விரிசல் விழுந்த பிறகுதான் கம்பி முழுமூச்சாக வேலைக்கு வருகிறது. கம்பி விரிசலைத் தடுப்பதில்லை, அகலாமல் பிடித்து வைக்கிறது.

பிடித்து வைக்கிறது என்றேன். கம்பி உள்ளே வழுக்கிவிட்டால்? மூன்றாம் வரியின் "பிணைப்பு" அதற்குத்தான். காங்கிரீட்டிலிருந்து விசை கம்பிக்கு மாற வேண்டுமானால் இரண்டும் ஒன்றையொன்று கவ்வியிருக்க வேண்டும். கம்பியைத் தடவிப் பாருங்கள், சாய்வான வரிகள் தட்டுப்படும். வழவழக் கம்பியைவிட வரியுள்ள கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிணைப்பை விதிநூல் அனுமதிக்கிறது. (கடையில் இதை முறுக்குக் கம்பி என்பார்கள். முன்பு கம்பியை உண்மையாகவே முறுக்கித்தான் வலுவேற்றினார்கள். இப்போது முறுக்குவதில்லை, பெயர் தங்கிவிட்டது.)

கவ்வல் ஒருநாள் இருந்தால் போதாது, வெயிலிலும் மழையிலும் நீடிக்க வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள பீம் ஒன்று 30 டிகிரி சூடேறினால் கம்பி தன் இயல்பில் 3.6 மி.மீ. நீளும், காங்கிரீட் சுமார் 3 மி.மீ. வித்தியாசம் சின்னதுதான், பிணைப்பு சமாளித்துக்கொள்ளும். கம்பிக்குப் பதில் அலுமினியம் என்றால் ஏழு மி.மீ. அளவுக்கு நீளும், ஒவ்வொரு கோடையும் பிணைப்பைப் பிய்த்துப் பார்க்கும். காங்கிரீட்டும் இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவது நாம் திட்டமிட்டதல்ல, அமைந்துவிட்ட அதிர்ஷ்டம்.

இரண்டாவது அதிர்ஷ்டம் ஐந்தாம் வரி. ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் காங்கிரீட்டின் உட்புறம் கடும் காரத்தன்மை உடையது, பி.எச். 12-க்கு மேல். அந்தச் சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, அதுவே காவலாக நிற்கிறது. இந்தக் காவலுக்கு இரண்டு எதிரிகள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியிலிருந்து மெல்ல ஊடுருவி, பி.எச்.-ஐ 9 அளவுக்கு இறக்கிவிடும். கடற்கரைப் பக்கமானால் உப்புக் காற்றின் குளோரைடு, காரத்தன்மை இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். அப்புறம் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் உள்ளிருந்தே காங்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். பழைய பால்கனி அடியில் பூச்சோடு காங்கிரீட்டும் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

எதிரி வெளியிலிருந்து வருவதால், அவன் கடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவதே வழி. கடைசி வரியின் எண்கள் எல்லாம் அந்தத் தூரம், மி.மீ. கணக்கில். தளத்துக்கு 20 என்பது சாதாரணச் சூழலுக்கு. கடற்காற்று நேராகப் படும் இடத்தில் விதிநூல் 45 கேட்கிறது. ஃபுட்டிங்குக்குக் குறைந்தது 50, ஏனென்றால் அது ஈரமண்ணில் கிடக்கிறது, தோண்டாமல் பார்க்கவும் முடியாது. கவரை அளப்பது கம்பியின் நடுவிலிருந்து அல்ல. காங்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து முதலில் எதிர்ப்படும் இரும்பின் மேல்பரப்பு வரை. பீமில் அந்த முதல் இரும்பு பெரும்பாலும் வளையக் கம்பி. இந்தத் தூரம் கெடாமல் இருக்கத்தான் சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக் வைக்கிறோம். அதற்குப் பதிலாக ஜல்லிக்கல்லைச் சொருகினால், அடுத்த ஆள் மிதிக்கும்போது அது உருண்டு ஓடும், கம்பி பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு படம் வரைந்து வாருங்கள்: ஒரு பீம், மூன்று தூண்களின் மேல், நடுத்தூணைத் தாண்டித் தொடர்ச்சியாகப் போகிறது. சீரான பாரம். வளைந்த நிலையை முதலில் மிகைப்படுத்தி வரையுங்கள், பிறகு முக்கியக் கம்பி எங்கெங்கே அடியில், எங்கே மேலே என்று குறியுங்கள். நடுத்தூணுக்கு மேலே கவனம்.