பொருள்: திங்கள் முதல் மின்னஞ்சலில் நுழையும் முறை மாறுகிறது

அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் அலுவலக மின்னஞ்சலில் நுழைய குறுஞ்செய்தி ஓடிபி செல்லாது. அத்தென்டிகேட்டர் செயலி காட்டும் 6 இலக்க எண்ணைத்தான் இட வேண்டும்.

காரணம் இதுதான்: உங்கள் பெயரில் வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி நேராக அவர் கைக்குப் போய்விடும். செயலியின் எண்ணோ உங்கள் போனிலேயே உருவாகிறது. 30 நொடிக்கொருமுறை மாறுகிறது. வாடிக்கையாளர்கள் நம்மை நம்பித் தங்கள் வங்கி விவரங்களைத் தந்திருக்கிறார்கள், அவற்றைக் காப்பது நம் கடமை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லோரும் செயலியை நிறுவி, உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிடுங்கள். போன் தொலைந்தால் கணக்கில் நுழைய உதவும் மீட்பு எண்களும் அங்கே கிடைக்கும், அவற்றைத் தாளில் எழுதி வையுங்கள், போனில் வேண்டாம். குழுத் தலைவர்கள் விடுப்பில் இருப்பவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள், மாற்று ஏற்பாடு செய்கிறோம். அந்த 6 இலக்க எண்ணை யார் கேட்டாலும், நாங்களே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

நன்றி.
தகவல் தொழில்நுட்பப் பிரிவு