பில் 47: திருத்திய வரிகள்

அக்கா, கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரியிலிருந்து திரும்பி வந்த பில்லை வரி வரியாகத் திருத்தியிருக்கிறேன், டேலியில் இதை அப்படியே அடித்துவிடுங்க. தொகையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போடாததால் பில் எண்ணும் 22-05-2025 தேதியும் அப்படியே இருக்கட்டும்.

"சீல், பேரிங் செட் – 11,000" என்ற வரியை எடுத்துவிடுங்க. பிஓவில் அது இரண்டு வரி, அவங்க ஸ்டோரிலும் இரண்டாகத்தான் வரவு வைத்திருக்கிறார்கள், நாம் ஒன்றாகப் போட்டால் அக்கவுண்ட்ஸில் எதோடு ஒப்பிடுவார்கள்?

மெக்கானிக்கல் சீல் 25 மிமீ, கூழ் பம்ப் பி-03, பி-04. பிஓ வரி 10, டெலிவரி சலான் 212. ஹெச்எஸ்என் 8484. 2 எண்ணம் × 4,200 = ரூ.8,400

பால் பேரிங் 6305, அதே இரண்டு பம்புகள். பிஓ வரி 20, சலான் 212. ஹெச்எஸ்என் 8482. 4 எண்ணம் × 650 = ரூ.2,600

அப்புறம் "லேபர் – 9,500". அவங்க மேனேஜர் கேட்ட கேள்வி முழுக்க இதில்தான், ஏன்னா பிஓவில் கூலி 6,000தான், மிச்சம் 3,500 எங்கிருந்து வந்தது என்று பில்லைப் பார்த்து யாருக்கும் தெரியாது. சீசன் நேரம், ஞாயிறு ராத்திரி பி-04 ஒழுகி லைன் நின்றதும் கூப்பிட்டார்கள், நம்ம பசங்க போனார்கள், அதற்குத் திருத்த பிஓவும் தந்தார்கள், நாம்தான் அந்த எண்ணைப் பில்லில் காட்டவில்லை. "எமர்ஜென்சி" என்று மட்டும் போடாதீங்க, அதைப் பார்த்தாலே யார் சொன்னது என்று மெயில் வரும்.

பம்ப் பி-03, பி-04 கழற்றி சீல், பேரிங் மாற்றிப் பூட்டிய கூலி, 12, 13-05-2025. 2 ஆள் × 2 நாள் = 4 ஆள்நாள் × 1,500. பிஓ வரி 30, சர்வீஸ் ரிப்போர்ட் 118. எஸ்ஏசி 9987. ரூ.6,000

பம்ப் பி-04 சக்‌ஷன் பக்க ஒழுகல் சரிசெய்தது, 18-05-2025 ஞாயிறு இரவு 9 முதல் 1 மணி வரை, பொருள் எதுவும் மாற்றவில்லை. பிஓ திருத்தம் 1, நாள் 20-05-2025, சர்வீஸ் ரிப்போர்ட் 121. எஸ்ஏசி 9987. மொத்தமாக ரூ.3,500

"பொருள் எதுவும் மாற்றவில்லை" என்பதை விட்டுவிடாதீங்க, இல்லைன்னா சலான் கேட்பார்கள்.

வண்டிச் செலவு, ஓசூர் – கிருஷ்ணகிரி போய்வர, 12, 13, 18-05-2025. 3 நடை × 1,200. பிஓ வரி 40. எஸ்ஏசி 9987. ரூ.3,600

கூட்டு 24,100, சிஜிஎஸ்டி 9% 2,169, எஸ்ஜிஎஸ்டி 9% 2,169, மொத்தம் 28,438. வரி தனியாகத் தெரியணும், அப்போதுதான் டிடிஎஸ்ஸை 24,100க்கு மட்டும் பிடிப்பார்கள்.

சலான், இரண்டு ரிப்போர்ட், திருத்த பிஓ எல்லாம் ஒரே பிடிஎஃப்பில் பில்லுக்குப் பின்னாடி வரட்டும். 121-இல் அவங்க ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்து மங்கலாக இருக்கு, ஒரிஜினல் என் மேஜை டிராயரில் இருக்கிறது, அதையே ஸ்கேன் பண்ணிடுங்க.