உங்கள் இரண்டு பேர் கட்டத்திலும் எட்டாம் இடம்: மேலூர் மனை யார் பேரில் என்ற கேள்விக்குப் பதில்

தம்பிக்கும் தாயிக்கும்,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால், கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லவில்லை. மேலூர் பக்கம் பார்த்திருக்கிற அந்த ஒன்பது லட்ச ரூபாய், மூணு சென்ட் இடத்தை யார் பேரில் பத்திரம் பண்ணலாம் என்பதுதானே கேள்வி? எழுதியே அனுப்புகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குச் சுருக்கமாகச் சொல்கிற வேலை வேண்டாம்.

இதற்கு இரண்டு பேர் கட்டத்திலும் எட்டாமிடத்தைத்தான் முதலில் பார்த்தேன். எட்டு என்றதும் ஆயுள், கண்டம், மாங்கல்யம் என்று பயந்துபோய்க் கேட்கிறீர்கள். அதெல்லாம் எட்டில் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு உங்கள் துணை என்றால், ஏழுக்கு இரண்டாமிடம் எட்டு, அதாவது துணையின் கைப்பணம், துணை கொண்டுவந்த நகை, துணை வாங்கி வைத்திருக்கிற கடன். மேல்நாட்டு ஜோதிடக்காரர்களும் எட்டைக் கூட்டுப் பணம், பரம்பரைச் சொத்து என்றுதான் வாசிக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம் சம்பாத்தியம் இல்லாத பணம் நம் கைக்கு வந்தால் அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதை அந்த இடத்தில்தான் நான் பார்ப்பேன்.

முதலில் தம்பி. 1994 மாசி, மேஷ லக்னம், ரிஷப ராசி, மிருகசீரிஷம். எட்டாமிடம் விருச்சிகம், அதில் ராகு. எட்டுக்கு அதிபதி செவ்வாய், அவரே உனக்கு லக்னாதிபதியும், பத்தாமிடத்தில் மகரத்தில் உச்சம். இதற்கு அர்த்தம் உன் உழைப்பில் குறையில்லை, ஒர்க்‌ஷாப்பில் நீ காலை எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கினால் ராத்திரி பத்துக்குத்தான் இறக்குகிறாய் என்று தாயியே சொல்லிவிட்டது. ராகு செய்கிற வேலை வேறு. எட்டில் ராகு இருக்கிறவன் பணத்தைத் திருடமாட்டான், ஆனால் மறைப்பான், மறைத்ததைத் தானே சரிபண்ணிவிடலாம் என்று ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொள்வான். நான் ராகு என்று சொன்ன நிமிஷம் உன் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். நாலாக மடித்த அடகுச் சீட்டு, மடிப்பில் கிழிந்து, வியர்வையில் மை ஊறி, ஆறு பவுன் என்கிற எழுத்து மட்டும் தெரிந்தது. தாயியின் நகை, இரண்டரை லட்சம், மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி, பதினோரு மாதம். வட்டி மட்டும் 41,250 ரூபாய் ஆகிவிட்டது தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தாயா இல்லையா தெரியவில்லை. கம்ப்ரஸர் வாங்கத்தான் வைத்தேன் என்றாய், நம்புகிறேன். கேட்டிருந்தால் தாயி தானே கழற்றிக் கொடுத்திருக்கும் என்பதையும் நம்புகிறேன்.

சரி, இப்போது தாயி, நீ சிரிக்காதே. 1996 புரட்டாசி, மிதுன லக்னம், மகர ராசி, திருவோணம். உன் இரண்டாமிடத்து அதிபதி சந்திரன், அவர் போய் உட்கார்ந்திருப்பது எட்டில். இரண்டில் செவ்வாய், நேர் ஏழாம் பார்வையாக அந்தச் சந்திரனையே பார்க்கிறார். கடகத்துச் செவ்வாய்க்குத் தோஷம் கிடையாது என்று கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதே சொல்லி முடித்த கதை, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். ஆனால் பார்வை பார்வைதான். வீட்டுப் பணம் கையில் இருந்தாலும் இல்லை இல்லை என்று மனசு படபடக்கும், யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் கொஞ்சம் ஒதுக்கினால்தான் தூக்கம் வரும். எட்டாம் அதிபதி சனி பத்தில் கேதுவோடு சேர்ந்திருக்கிறார், அதனால் வெளியே பார்க்கிறவர்களுக்கு நீ பணத்தைப் பற்றிக் கவலையே படாதவள் மாதிரி தெரியும். தம்பியின் அடகுச் சீட்டு மேஜைக்கு வந்த பிறகு ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து நீயும் ஒரு அட்டையை வைத்தாயே, அம்மா பேரில் மாதம் ஐயாயிரம் சீட்டு, இருபது மாதத்தில் பதினாலு கட்டியாச்சு. அதையும் தம்பிக்குச் சொல்லவில்லை.

ஒருத்தர் மற்றவர் நகையை மறைத்து அடகு வைத்திருக்கிறார், மற்றவர் சம்பளத்தை மறைத்துச் சேர்க்கிறார். இரண்டு எட்டாமிடமும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன, உங்களுக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை, பேச்சுத் தட்டுப்பாடு. என் மேஜையில் வந்து விழுந்த இரண்டு காகிதமும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலேயே விழுந்திருக்கலாம்.

இதில் மூணாவதாக ஒரு பணம் இருக்கிறது, நீங்கள் இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாண மொய். உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தங்கள் செய்த மொய் 3,80,000 என்று தம்பி பெருமையாகச் சொன்னாய், அதை இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாய். மொய் வரவு இல்லை தம்பி. நோட்டில் பேர் எழுதி வாங்குகிற கடன், ஆயிரத்து ஒண்ணு எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரத்து ஐநூறாவது போக வேண்டும், இல்லாவிட்டால் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே முகத்துக்கு நேராகக் கேட்பார்கள், நம் ஊர் உனக்கே தெரியும். ஆவணியில் மட்டும் எத்தனை பத்திரிகை வரும் என்று மொய் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் மிச்சத்தைச் சொல்லுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். தம்பிக்கு நாலாம் அதிபதி சந்திரன் இரண்டில் உச்சம், குரு தசை நடக்கிறது, இடம் வாங்க யோகம் இருக்கிறது. தாயிக்கு நாலாமிடமான கன்னியில் ராகு, அதனால் பத்திர விஷயத்தில் அவசரம் ஆகாது, முப்பது வருஷ வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆனாலும் பத்திரம் தாயி பேரில்தான் இருக்க வேண்டும் என்று சொல்வேன். ஏன் என்றால் உங்கள் வீட்டில் ஓடுகிற பணத்தில் பெரிய பங்கு அவள் நகையும் அவள் சம்பளமும். பெண் கொண்டுவந்த நகை பெண்ணுக்கே முழுச் சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே சொல்லியாச்சு, கட்டமும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை. இன்னொன்று, பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, உங்களுக்கு ஒன்பதாயிரம் மிச்சம். இது ஜோதிடம் இல்லை, வீட்டுக்கணக்கு.

தம்பிக்கு உள்ளுக்குள் உறுத்தும், என் பேர் எங்கே என்று. ராகு எட்டில் இருந்தால் உறுத்தத்தான் செய்யும். அதற்காக நீ போடுகிற ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி, மாசக் கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பேங்கில் கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற முறையில் வையுங்கள், ஒர்க்‌ஷாப் கடன் மட்டும் தம்பி பேரிலேயே தனியாக இருக்கட்டும். அதையும் இதையும் கலந்தால் எந்த ராகுவாலும் பிரிக்க முடியாது.

ஏழரை பற்றி தாயி கேட்டது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-லேயே மகர ராசிக்கு விட்டது, வாக்கியப்படி 2026 மார்ச் 6. எங்கள் தாத்தா வாக்கியம், நான் திருக்கணிதம், வீட்டிலேயே இந்தச் சண்டை உண்டு. சீட்டைப் பாதியில் நிறுத்தாதே, இன்னும் ஆறு மாதம்தான், முடிந்ததும் வருகிற ஒரு லட்சத்தை நேராக அடகுக் கடைக்குக் கொண்டுபோ. மீதி ஒன்றரையையும் வட்டியையும் தம்பி புரட்ட வேண்டும், அந்தக் கம்ப்ரஸர் சம்பாதிக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். அட்வான்ஸ் கொடுத்த ஆளிடம் ஏழெட்டு மாதம் தவணை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மாட்டேன் என்றால் அந்த இடமே வேண்டாம்.

பரிகாரம் என்ன என்று போகும்போது கேட்டீர்கள். திருமோகூர் போய்ச் சக்கரத்தாழ்வாரைக் கும்பிட்டு வாருங்கள், சேர்ந்து போங்கள், போகிற வழியில் பேசிக்கொண்டே போங்கள். பத்திரத்துக்கு நாள் இப்போது குறித்துத் தரமாட்டேன். ஆறு பவுனும் தாயி கழுத்தில் ஏறிய பிறகு, மொய் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அன்றைக்குப் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறேன்.