மரச்செக்கு எண்ணெய் அலகு: சாத்தியக்கூறு அறிக்கை

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில், மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில், ஒரு நடைக்கு 15 கிலோ பருப்பு ஆட்டக்கூடிய ஒற்றை மரச்செக்கை நிறுவிக் கடலை எண்ணெய் விற்பது கட்டுப்படியாகுமா என்பதை ஆராய்ந்து, குழுக் கூட்டத்தின் முடிவுக்காக இவ்வறிக்கை வைக்கப்படுகிறது.

விசாரித்த 60 வீடுகளில் 38 வீட்டார் மாதம் 3 லிட்டர் வாங்கச் சம்மதித்தனர். ஆனால் வாய்ச்சொல்லை விற்பனையாகக் கொள்ள இயலாது. மாதிரிக்குக் கொடுத்த அரை லிட்டர் பாட்டில்களில் இரண்டு, வாணலியில் நுரை பொங்குவதாகத் திரும்பி வந்தன. ஆட்டிய மறுநாளே, மண்டி அடங்குமுன் நிரப்பியதே அதற்குக் காரணம். ஆகவே எண்ணெயை மூன்று நாள் தெளிய வைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டிய பின்னரே நிரப்ப வேண்டும்.

பருப்பு நன்றாகக் காயாவிட்டால் எண்ணெய் இறங்காது; பூஞ்சை பிடித்த பருப்பு நச்சுத்தன்மை கொண்டதாதலால் ஆட்டுமுன் கையால் பொறுக்கியே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்துக் காய்ச்சலை நம்ப முடியாது என்பதால் அம்மாதங்களில் உற்பத்தி குறையும்.

ஊராட்சி அனுமதி, உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புத் துறை அனுமதி ஆகியவை தேவை. எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பது சட்டப்படி கூடாது. முத்திரையிட்டு, நிகர அளவும் விலையும் தேதியும் அச்சிட்டே விற்க வேண்டும். விவசாய மின் இணைப்பிலிருந்து மோட்டாரை ஓட்டலாம் என்ற யோசனையைக் கைவிடவும்.

தை மாதத்தில் கடன் விண்ணப்பமும் மும்முனை மின் இணைப்பும், மாசியில் செக்கு பொருத்துதலும் முடிந்தால், மார்கழிப்பட்டக் கடலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் பங்குனி, சித்திரையில் கொள்முதலைத் தொடங்கலாம்.

மொத்த முதலீடு 6 லட்சம் ரூபாய்; இதில் நடைமுறை மூலதனத்துக்கு ஒதுக்குவது 2 லட்சம். மொத்தத் தொகையில் 4.5 லட்சம் வங்கிக் கடனாகப் பெறப்படும். மானியத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு ஆறு நடை வீதம் 25 நாள் ஆட்டினால் 2,250 கிலோ பருப்பில் சுமார் 900 லிட்டர் எண்ணெயும் 1,350 கிலோ புண்ணாக்கும் கிடைக்கும். எண்ணெய் 330 ரூபாய், புண்ணாக்கு 50 ரூபாய் எனக் கொண்டால் வரவு 3,64,500 ரூபாய். கிலோ 125 ரூபாய் வீதம் பருப்புக்கு 2,81,250 ரூபாயும், கூலி, வாடகை, மின்சாரம், பாட்டில், போக்குவரத்துக்கு 50,800 ரூபாயும் போக மிஞ்சுவது 32,450; அதில் தவணை ஏறத்தாழ 9,800. விற்பனை 600 லிட்டராகக் குறைந்தால் மிச்சம் தவணைக்கே சரியாகிவிடும். அதற்கே மாதம் 3 லிட்டர் வாங்கும் 200 வீடுகள் வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரியது பருப்பின் விலை. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறி, எண்ணெய் விலையை உயர்த்த முடியாமற்போனால், 900 லிட்டர் விற்றும் தவணை போக நிற்கும் லாபம் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். மேலும் 2 லட்சத்தில் ஒரு மாதத்து முழு உற்பத்திக்கான பருப்பைக்கூட வாங்க முடியாது. எனவே இரண்டாம் செக்கு குறித்த பேச்சைத் தள்ளிவைத்து, உறுப்பினர் பங்குத்தொகையால் நடைமுறை மூலதனத்தை 3 லட்சமாக்கி, முதல் ஆறு மாதம் 600 லிட்டர் அளவிலேயே ஆட்டுவது என்ற நிபந்தனையுடன் இத்திட்டத்தைப் பரிந்துரைக்கிறோம்.